மரத்தின் சொற்கள்: தென்னையை வைத்து ஒரு மீட்டல் தாள்

(முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு, வினா விடையுடன்)



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தேங்காய் பறிக்கும் எங்கள் தொழிலாளர் ஒருவர் தன் மகளையும் கூட்டிக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளையின் கையில் திருத்திய விடைத்தாள் ஒன்று இருந்தது. "மாமரத் தண்டும் தென்னந் தண்டும் வெட்டுமுகத்தில் எவ்வாறு வேறுபடும்?" என்பது கேள்வி. இரண்டிலும் வெளியே பட்டை, உள்ளே மாறிழையம், நடுவில் வைரம் என்று பிள்ளை எழுதியிருந்தார். பத்துக்கு இரண்டு புள்ளிதான் கிடைத்திருந்தது.

தகப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு, "தென்னைக்கு ஏது மகள் பட்டை? நடுவுல ஏது வைரம்? நடுவுல சோறுதானே இருக்கி!" என்றார்.

"அது உங்களுக்குத் தெரியும் வாப்பா. எனக்கு அதைப் புத்தகச் சொல்லுல எழுதத் தெரியாதே" என்றார் பிள்ளை.

அன்றே இந்தத் தாளை எழுதுவதென்று நாங்கள் முடிவு செய்தோம். வீட்டில் ஒரு சொல், வகுப்பில் வேறொரு சொல் என்று பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லா மரத்தையும் எல்லாச் சொல்லையும் எடுத்தால் இந்தப் பக்கம் போதாது. ஆகவே நம் முற்றத்தில் நிற்கும் தென்னையை மட்டும் எடுத்து, மாமரத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். முதலில் பாடத்தை வாசியுங்கள். பிறகு விடையை ஒரு கடதாசியால் மூடிக்கொண்டு வினாக்களைச் செய்யுங்கள்.

மாமரம் எப்படிப் பருக்கிறது?

மாமரத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டால் பட்டை உரியும். உரிந்த இடம் வழுவழுப்பாக ஈரமாக இருக்கும். அந்த ஈரமான இடத்தில்தான், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒரு படையாக, மாறிழையம் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உள்பக்கம் புதுக் காழைச் சேர்க்கிறது. வெளிப்பக்கம் புது உரியத்தைச் சேர்க்கிறது. காழ் என்பது வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் இழையம். உரியம் என்பது இலை செய்த உணவைக் கீழே வேருக்கும், காய்க்கும் கொண்டுபோகும் இழையம். இப்படி உள்ளே சேர்ந்துகொண்டே போவதால் மாமரம் வருடத்துக்கு வருடம் பருக்கிறது. பழைய காழ் நடுவில் இறுகி, நிறம் மாறி, வைரமாகிறது.

மாமரத்தில் ஆணி அடித்தாலோ கிளையை வெட்டினாலோ சில வருடத்தில் காயத்தின் விளிம்பு உருண்டு வந்து மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மாறிழையத்தின் வேலைதான். அதே மாமரத்தில் சுற்றிவர வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் உரியம் அறுந்து, உணவு கீழே போகாமல் வேர் பட்டினி கிடந்து, மரம் காய்ந்துபோகும். சில பேர் பக்கத்து வளவு மரத்துக்கு இரவில் செய்யும் வேலை இது. சொல்லாமல் விடுவதே நல்லது!

தென்னைக்கு ஏன் அது பொருந்தாது?

தென்னையில் மாறிழையம் இல்லை. அந்தப் பிள்ளையின் விடைத்தாளில் இருந்திருக்க வேண்டிய வசனம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

மாறிழையம் இல்லாததால் பட்டை என்று தனியாக உரியக்கூடிய ஒன்று இல்லை. காழும் உரியமும் உள்வளையம், வெளிவளையம் என்று பிரிந்து நிற்பதும் இல்லை. இரண்டும் சேர்ந்த சிறு கட்டுகளாகத் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைக் கலன்கட்டு என்று புத்தகம் சொல்லும். தென்னங்குற்றியை அறுத்த முகத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவைதான். வெளி ஓரத்தில் புள்ளிகள் நெருக்கமாகவும் உறுதியாகவும் இருக்கும். நடுவுக்குப் போகப் போக ஐதாகி, மென்மையான சோறு அதிகமாகும். தச்சுவேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தென்னையில் கூரைக்கு மரம் அறுக்கும்போது வெளிப்பக்கத்தையே எடுப்பார்கள். நடுப்பகுதியை ஒதுக்கிவிடுவார்கள். மாவிலும் தேக்கிலும் இதற்கு நேர்மாறு, நடு வைரத்துக்குத்தான் விலை.

இதைப் பழந்தமிழரும் கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில், உறுதி வெளியே இருப்பவை புல் என்றும், உறுதி உள்ளே இருப்பவை மரம் என்றும் பிரித்திருக்கிறது. உறுதிக்கு அங்கே பயன்படும் சொல்லும் காழ் என்பதுதான். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மரமல்ல, புல்! இன்றைய விஞ்ஞானமும் தென்னையை நெல், சோளம், புல் ஆகியவற்றோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. மா, பலா, வேம்பு, தேக்கு எல்லாம் இருவித்திலைத் தாவரங்கள். ஒன்றைக் கவனியுங்கள். தொல்காப்பியத்தில் காழ் என்றால் உறுதி, வைரம். தாவரவியல் புத்தகத்தில் காழ் என்றால் தண்ணீர் கடத்தும் இழையம். பரீட்சையில் இரண்டாவது கருத்தில்தான் எழுத வேண்டும்.

ஆறாத காயம்

மாறிழையம் இல்லாவிட்டால் காயமும் மூடாது. ஏறுவதற்கு வசதியென்று தென்னையில் கத்தியால் படி வெட்டுகிறார்களே, அந்தப் படி மரம் சாகும்வரை அப்படியே இருக்கும். இருபது வருடத்துக்கு முன் வெட்டிய படியில் இன்றைக்கும் கால் வைக்கலாம். தளைநார் போட்டு ஏறுகிற பழைய ஆட்கள் படி வெட்டுவதை ஏன் விரும்புவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

காயம் மூடாமல் இருந்தால் அதன் வாசனைக்குச் செவ்வண்டு வரும். செவ்வண்டு என்பது மூக்கு நீண்ட சிவப்புக் கூன்வண்டு. இளந் தென்னையில் காயம் பட்ட இடத்தில் முட்டை இடும். புழு உள்ளே போய் அந்த மென்மையான நடுச்சோற்றைத் தின்னும். வெளியே உறுதியான பகுதி அப்படியே நிற்பதால் மரம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். தண்டில் சிறு துளையும், அதிலிருந்து வடியும் மண்ணிறச் சாறும், மென்று துப்பியதுபோன்ற நாரும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறதென்று அர்த்தம். காதை மரத்தில் வைத்துக் கேட்டால் கறுமுறு என்று கடிக்கும் சத்தம் கேட்பதும் உண்டு. தலை சாய்ந்தபிறகு பார்த்துப் பயன் இல்லை.

இன்னொரு விளைவும் உண்டு. தென்னந்தண்டு ஒரு இடத்தில் எவ்வளவு பருமனாக உண்டானதோ, ஏறக்குறைய அதே பருமனாகவே கடைசிவரை நிற்கும். பிள்ளைத்தென்னை முதல் நாலு வருடம்போல் மேலே எழும்பாமல் அடியைப் பருமனாக்கிக்கொண்டு நிலத்தோடு இருப்பது இதனால்தான். முதலில் அகலம், பிறகுதான் உயரம். நடுவில் கடும் வறட்சியோ உரமில்லாத காலமோ வந்தால் அந்தக் காலத்தில் உண்டான தண்டு ஒடுங்கிப்போகும். பிறகு நல்ல மழை பெய்து மேலே தண்டு பருமனாக வந்தாலும் அந்த ஒடுக்கம் நிரம்பாது. ஒரு தென்னையின் இடுப்பில் ஒடுக்கம் கண்டால், அது வளர்ந்த காலத்தில் ஒரு கஷ்ட காலம் இருந்ததென்று வாசிக்கலாம்.

ஒரே ஒரு குருத்து

மாமரத்துக்கு ஒவ்வொரு கிளை நுனியிலும் அரும்பு உண்டு. ஒன்று போனால் இன்னொன்று துளிர்க்கும். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு வளரும் முனைதான். புத்தகத்தில் இது உச்சிப் பிரியிழையம். நாம் சொல்லும் குருத்து என்பது அதையும் அதைச் சுற்றி மடிந்து கிடக்கும் விரியாத ஓலைகளையும் சேர்த்துத்தான். குருத்துச் செத்தால் மரம் செத்தது.

கருவண்டு, அதாவது கொம்பு வைத்த காண்டாமிருக வண்டு, இந்தக் குருத்தைத்தான் துளைக்கிறது. அப்போது ஓலை விசிறிபோல மடிந்து இருக்கும். மடித்த கடதாசியில் ஓரத்தை வெட்டி விரித்தால் எப்படி வரிசையாக வெட்டுத் தெரியுமோ, அப்படியே விரிந்த ஓலையிலும் முக்கோணமாக வெட்டுத் தெரியும். சிலர் வெட்டுப்பட்ட ஓலையில் வண்டைத் தேடுவார்கள். அந்த ஓலை குருத்தாக இருந்தபோது நடந்த வேலை அது. வண்டு இப்போது இருந்தால் மேலே, விரியாத குருத்தில்தான் இருக்கும். அல்லது உக்கிய குற்றியிலும் எருக்குவியலிலும் அதன் புழு இருக்கும்.

இலையும் தழும்பும்

முதலாம் ஆண்டில் அநேகர் பிழைவிடும் இடம் இது. தென்னோலையில் இரு பக்கமும் நிற்கும் ஒவ்வொரு கீற்றையும் ஒரு இலை என்று எழுதுகிறார்கள். அது பிழை. மட்டை முதல் நுனிவரை முழுவதும் சேர்ந்து ஒரே இலைதான். இது கூட்டிலை. கீற்று ஒவ்வொன்றும் சீறிலை. கீற்றின் நடுவே ஓடுவது ஈர்க்கு. மட்டையின் அடியைச் சுற்றி வலைபோல இருக்கும் பன்னாடை, இலையடியின் மிச்சம்.

நல்ல நிலையில் இருக்கும் நெட்டைத் தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு இலை விடும். தலையில் முப்பது இலையளவு பச்சையாக நிற்கும். பழையது ஒன்று காய்ந்து விழும்போது தண்டில் ஒரு வடு விடும். அதற்குப் பெயர் இலைத்தழும்பு. தேக்கை அறுத்து வளையம் எண்ணி வயதைக் கணிக்கலாம். தென்னையில் வருட வளையம் கிடையாது. மாறிழையம் இல்லாத இடத்தில் வளையம் எங்கிருந்து வரும்? ஆனால் மரத்தை அறுக்காமலே தழும்பை எண்ணலாம்.

இதை நாங்கள் ஒருமுறை செய்தே பார்த்தோம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கடற்கரைப் பக்கத்து வளவு ஒன்றில் சாய்ந்து வளைந்த தென்னை ஒன்றைப் பற்றி வாக்குவாதம் வந்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமிதான் மரத்தைச் சாய்த்தது என்றார் வளவுக்கார இளைஞர். அவருடைய பெரியப்பாவோ, "இல்ல மகன், அது 78 சூறாவளியில சாய்ஞ்ச மரம். நாங்க அதுல ஏறி விளையாடியிருக்கம்" என்றார். 1978 நவம்பர் 23, 24இல் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையை அடித்த அந்தச் சூறாவளியைப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். தென்னந்தோட்டங்கள் அப்படியே படுத்துக் கிடந்தன.

இதில் மரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். சாய்ந்த தென்னையின் பழைய தண்டு நிமிராது, பருக்கவும் செய்யாது. உச்சிமுனை மட்டும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து புதுத் தண்டை நேராக வளர்க்கும். ஆகவே வளைவு இருக்கும் இடம், சாய்ந்த நாளில் மரத்தின் உச்சி இருந்த இடம். வளைவுக்கு மேலே உள்ள தண்டு முழுவதும் அதற்குப் பிறகு உண்டானது.

எங்கள் தொழிலாளர் ஒருவர் ஏறினார். பத்துத் தழும்புக்கு ஒரு கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டே போனார். வளைவிலிருந்து தலைவரை 432 தழும்பு. தலையில் விரிந்த இலை 31. இரண்டையும் கூட்டினால் 463. மாதம் ஒன்று என்று வைத்து 12ஆல் பிரித்தால் 38 வருடமும் ஏழு மாதமும். சூறாவளியிலிருந்து அந்த நாள்வரை 40 வருடம். சுனாமியிலிருந்து என்றால் 14 வருடம்தான், அதற்கு 168 இலை போதும். பெரியப்பா சொன்னதே சரி.

ஒன்றரை வருடம் ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். வறட்சிக் காலத்திலும் வயது போன மரத்திலும் இலை கொஞ்சம் தாமதித்தே வரும். வருடத்துக்குப் பன்னிரண்டு என்பது சராசரிக் கணக்கு. தழும்புகள் தண்டைச் சுற்றி மாறிமாறி விழுவதால் ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணினால் சிலது தவறியும் போகும். எனவே இந்த முறையால் 1978ஆ 1980ஆ என்று தீர்க்க முடியாது. 1978ஆ 2004ஆ என்று தாராளமாகத் தீர்க்கலாம். வளையாத மரத்தின் முழு வயது வேண்டுமென்றால் அடியிலிருந்து எண்ணி, தண்டு எழும்பாத முதல் நாலு வருடத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இலைக்கு ஒரு பாளை

இலையடிக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட மூலை இலைக்கக்கம். நமது கமக்கட்டுப் போல. காய்க்கும் மரத்தில் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு பாளை வரும். மாதம் ஒரு இலை என்றால் மாதம் ஒரு பாளை. பாளை என்பது மூடிய உறை. அது வெடித்து வெளிவரும் கிளைத்த பூக்கொத்தைப் பூந்துணர் என்று எழுத வேண்டும். கிளையின் அடியில் உருண்டையாக இருப்பவை பெண்பூ, குரும்பட்டியாகப் போகிறவை. மேலே நெல்மணி போலக் கொட்டுபவை ஆண்பூ. ஒரே மரத்தில் இரண்டும் உண்டு.

பூந்துணர் விரிந்து தேங்காய் முற்ற 11 முதல் 12 மாதம் எடுக்கும். அதனால் ஒரே நேரத்தில் மரத்தில் பாளை, குரும்பட்டி, இளநீர், முட்டுக்காய், நெற்று என்று எல்லாப் பருவமும் வரிசையாக நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பறித்தால் இரண்டு குலை இறங்குவதன் கணக்கும் இதுவே. பாளையின் கரு, விரிவதற்கு ஏறத்தாழ இரண்டரை வருடத்துக்கு முன்பே குருத்துக்குள் தொடங்கிவிடுகிறது. இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தும் காய் குறைவென்றால் இரண்டு மூன்று வருடம் முன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வினாக்களும் விடைகளும்

வினா 1. தென்னை வருடா வருடம் மாமரம்போல் பருக்காதது ஏன்?
விடை: தென்னைத் தண்டில் மாறிழையம் இல்லை. ஆகவே புதுக் காழும் உரியமும் சேர்வதில்லை. (இரண்டு வசனம் போதும். "ஒருவித்திலைத் தாவரம்" என்று மட்டும் எழுதினால் அரைப்புள்ளிதான் வரும், காரணத்தையும் எழுதுங்கள்.)

வினா 2. தென்னங்குற்றியின் வெட்டுமுகத்தில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் எவை? அவை எங்கே நெருக்கமாக இருக்கும்?
விடை: கலன்கட்டுகள். வெளி ஓரத்தில் நெருக்கமாக இருக்கும்.

வினா 3. மாமரத்தைச் சுற்றிவரப் பட்டை உரித்தால் முதலில் பட்டினி கிடப்பது இலையா, வேரா?
விடை: வேர். பட்டையோடு போவது உரியம். காழ் உள்ளே அப்படியே இருப்பதால் தண்ணீர் சில காலம் மேலே போய்க்கொண்டே இருக்கும். இலை பச்சையாக நிற்பதைப் பார்த்து மரம் தப்பிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

வினா 4. சரியா, பிழையா? "தென்னையில் வெட்டிய படி, சில வருடத்தில் மூடிக்கொள்ளும்."
விடை: பிழை. காயத்தை மூட மாறிழையம் இல்லை.

வினா 5. ஒரு தென்னையில் இன்று விரிந்த ஓலையில் முக்கோண வெட்டுகள் தெரிகின்றன. வெட்டு எப்போது விழுந்தது?
விடை: ஓலை விரிவதற்கு முன், குருத்துக்குள் மடிந்திருந்தபோது. செய்தது கருவண்டு.

வினா 6. தென்னோலை ஒன்றில் 200 கீற்று இருந்தால் அது எத்தனை இலை?
விடை: ஒரு இலை. 200 சீறிலை.

வினா 7. நேராக நிற்கும் ஒரு தென்னையில் அடியிலிருந்து 270 தழும்பும் தலையில் 30 இலையும் உண்டு. வயது ஏறக்குறைய எவ்வளவு?
விடை: 270, 30 இரண்டும் சேர்ந்து 300. 12ஆல் பிரித்தால் 25. தண்டு எழும்பாத 4 வருடத்தைக் கூட்டினால் 29. "ஏறக்குறைய 29 வருடம்" என்று எழுத வேண்டும். தலையில் உள்ள இலையைக் கூட்ட மறப்பவர்களே அதிகம். அப்படி மறந்தால் இரண்டரை வருடம் பிழைக்கும்.

வினா 8. சிரட்டை விதையின் பகுதியா, கனியின் பகுதியா?
விடை: கனியின் பகுதி. இது பாடத்தில் சொல்லாத கேள்வி, ஆனால் பரீட்சையில் வரக்கூடியது. ஆகவே விரிவாகத் தருகிறோம். தேங்காய் ஒரு உள்ளோட்டுச் சதைக்கனி, மாங்காயும் அதே இனம். வெளித்தோல் வெளிக்கனியம். தும்பு உள்ள பொச்சு இடைக்கனியம். சிரட்டை உட்கனியம். மாங்காயில் நாம் தின்பது இடைக்கனியம், மாங்கொட்டையின் கடின ஓடு உட்கனியம். விதை என்பது சிரட்டைக்குள்ளே இருப்பது. தேங்காய்ச் சொட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் மண்ணிறத் தோல்தான் வித்துறை. வெள்ளைப் பகுதியும் தண்ணீரும் வித்தகவிழையம், அதாவது முளைக்கும் பிள்ளைக்குச் சேமித்த சாப்பாடு. முளையம் மிகச் சிறியது, மூன்று கண்ணில் மெதுவான கண்ணின் கீழே இருக்கும். கண்ணைக் குத்தித் தண்ணீர் குடிப்பவர்கள் குத்துவதும் அந்தக் கண்ணைத்தான்.

வினா 9. தென்னைக்கு ஆணிவேர் உண்டா?
விடை: இல்லை. அடித்தண்டிலிருந்து ஏறக்குறைய ஒரே பருமனான நார்வேர்கள் கூட்டமாகப் புறப்படுகின்றன. வேரும் தண்டைப்போலவே பருக்காது. மதிலுக்குப் பக்கத்தில் நின்ற ஆலும் அரசும் வேர் பருத்து மதிலை வெடிக்கச் செய்வதும், தென்னை அப்படிச் செய்யாததும் ஏனென்று இப்போது நீங்களே சொல்லலாம்.

வினா 10. மாமரத் தண்டும் தென்னந் தண்டும் வெட்டுமுகத்தில் எவ்வாறு வேறுபடும்?
விடை: இதற்கு நாங்கள் விடை தரப்போவதில்லை. மேலே எல்லாம் இருக்கிறது. எழுதி, சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். தென்னங்குற்றித் துண்டு ஒன்றும் மாங்குற்றித் துண்டு ஒன்றும் அறுத்து மேசையில் வைத்திருப்போம், தொட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் வாப்பாவும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்.